மூன்று கொட்டேஷன், ஒரே கேள்வி

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பட்ஜெட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் இனம் வந்தது: போர்வெல் மோட்டார் மாற்றுதல், 86,000 ரூபாய். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி கையைத் தூக்கினார்.

"டிரஷரர் சார், 38,500-க்கு ஒரு கொட்டேஷன் வந்திருக்கறதா சொன்னாங்களே. அப்புறம் எதுக்கு 86,000?"

கேள்வியில் தப்பே இல்லை. 38,500 என்று எழுதிய தாள் உண்மையிலேயே என் கோப்பில் இருந்தது. அந்தத் தாளை மட்டும் பார்க்கிற யாரும் அப்படித்தான் கேட்பார்கள். நல்லவேளையாக, அந்தத் தாளோடு ஒரு பக்க அட்டவணையையும் ஏழாம் இனத்துக்குப் பின்னால் இணைத்திருந்தேன். அரசு அலுவலகங்களில் அதற்குக் ‘கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட்’ என்று பெயர். வாங்கும் பொருளுக்கு யார் யார் என்ன விலை சொன்னார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும் தாள், அவ்வளவுதான். ஆனால் அதை ஒழுங்காகப் போட எனக்கு மூன்று வாரம் ஆனது. முதல் வாரத்தில் போட்டது சுத்தமாகத் தப்பு.

நடந்தது இது. மே மாதம் மோட்டார் எரிந்தது. காயில் கட்டி இரண்டு முறை ஓட்டியாகிவிட்டது, இனிமேல் புதுசுதான் என்றார் மெக்கானிக். அதுவரை லாரித் தண்ணீர். மூன்று கடைகளுக்குப் போன் செய்து, "5 HP சப்மெர்சிபிளுக்கு கொட்டேஷன் கொடுங்க" என்று கேட்டேன். மூன்றும் வந்தன. கடைகளின் பெயர் இங்கே வேண்டாம். அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம்.

அ கடையின் தாளில் ஒரே வரி: பம்ப்செட் 38,500, ஜி.எஸ்.டி. தனி. ஆ கடையும் ஒரே வரிதான் எழுதியிருந்தது: முழு வேலையும் சேர்த்து, வரி உட்பட 72,000. இ கடை நான்கைந்து வரிகளில் பம்ப்செட் 43,000, கேபிள் மீட்டர் 180, பேனல் போர்டு, கூலி என்று பிரித்து, கடைசியில் பழைய மோட்டாருக்கு 6,500 கழிவு என்றும் போட்டிருந்தது. நான் செய்த காரியம், மூன்று தாளிலும் பெரிதாகத் தெரிந்த எண்ணை எடுத்து 38,500, 72,000, 43,000 என்று ஒரு கட்டத்துக்குள் எழுதியது. அ கடைதான் குறைவு என்று வட்டமும் போட்டேன்.

அந்த மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். ‘பெட்டிக்குள் இருக்கும் மோட்டார் என்ன விலை’ என்பதற்கு அ கடை பதில் சொன்னது. ‘தண்ணீர் மேலே வர என்ன செலவு’ என்பதற்கு ஆ கடை பதில் சொன்னது. எங்கள் பட்ஜெட் இனம் கேட்டது இரண்டாவது கேள்வியை. கொட்டேஷன் ஒப்பீட்டில் பாதி வேலை, எல்லோரையும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பதுதான். அதைக் கேட்கும் முன்பே கூட்டிக் கழிக்க உட்கார்ந்தால் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விடை தவறாகத்தான் வரும்.

இரண்டாவது வாரம் மெக்கானிக்கை உட்காரவைத்துத் தேவையை எழுதினேன். போர்வெல் 400 அடி. மோட்டார் 320 அடியில் தொங்குகிறது. கோடையில் தண்ணீர் 260 அடிக்கு இறங்கிவிடும். அங்கிருந்து மொட்டைமாடித் தொட்டி வரை இன்னும் 60 அடி. ஆக, தண்ணீரை ஏறத்தாழ 320 அடி, அதாவது 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். இந்த உயரத்தைத்தான் பம்ப் கடைக்காரர்கள் ‘ஹெட்’ என்பார்கள். அந்த ஹெட்டில் நிமிடத்துக்கு 90 லிட்டராவது வர வேண்டும். அதற்குக் குறைந்தால் காலை நேரத்தில் 24 வீட்டுக்கும் தொட்டி நிற்காது.

HP என்பது மோட்டாரின் பலம் மட்டுமே. ஒரே 5 HP மோட்டாரோடு வேறு வேறு பம்ப் பாகத்தை இணைத்து விற்கிறார்கள். பம்புக்குள் அடுக்கடுக்காக இருக்கும் ‘ஸ்டேஜ்’ அதிகமாக இருந்தால் அதிக உயரத்துக்குத் தள்ளும். குறைவாக இருந்தால் தாழ்ந்த கிணற்றில் கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆழம் கூடினால் நூலாகிவிடும். ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனியின் கேட்டலாக்கில் ஒரு அட்டவணை உண்டு. இத்தனை மீட்டர் ஹெட்டில் இத்தனை லிட்டர் என்று அதில் இருக்கும். கொட்டேஷனில் மாடல் எண் இல்லாவிட்டால் அந்த அட்டவணையைத் தேட வழியில்லை. அ கடைத் தாளில் மாடல் எண் இல்லை.

கேபிளிலும் இதே கதைதான். 105 மீட்டர் தூரத்துக்கு மெல்லிய கம்பியைப் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்து, மோட்டார் சூடேறி, காயில் எரியும். எங்களுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் வேண்டும் என்றார் மெக்கானிக். ஆ கடையின் ‘முழு வேலை’க்குள் இருந்தது 2.5. பேனல் போர்டும் புதிது இல்லை, பழையதையே மாட்டிக்கொடுப்பதாகத்தான் கணக்கு. 72,000 என்ற ஒற்றை எண்ணுக்குள் இவ்வளவு ஒளிந்திருந்தது. அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்று கடைக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன். ஒரு எழுத்துக்கூட மாறாமல். மாடல் எண், 100 மீட்டர் ஹெட்டில் எத்தனை லிட்டர், 105 மீட்டர் 4 சதுர மில்லிமீட்டர் கேபிள், புதுப் பேனல், பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கும் கூலி, வாரண்டி, பணம் எப்போது, விலை எத்தனை நாளுக்குச் செல்லும். தனித்தனி வரியாக, எழுத்தில் வேண்டும் என்றேன். ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் சொல்லவில்லை. ‘அவர் இவ்வளவுதான் கேட்கிறார்’ என்று சொல்லிக் குறைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அப்படிக் குறைத்தவர் கேபிளில் கைவைத்தால் அது 320 அடி ஆழத்தில் இருக்கும், யாருக்கும் தெரியாது.

பதில்கள் வந்த பிறகு அட்டவணை இப்படி ஆனது. எல்லாத் தொகையும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட, ரூபாயில்.

| விவரம் | அ | ஆ | இ |
|---|---|---|---|
| பம்ப்செட் | 45,430 | 47,000 | 50,740 |
| கேபிள் | 23,541 | 20,500 | 22,302 |
| பேனல் போர்டு | 8,850 | 8,000 | 8,260 |
| தூக்கி இறக்கும் கூலி | 11,800 | 10,500 | 10,620 |
| கூட்டுத்தொகை | 89,621 | 86,000 | 91,922 |
| பழைய மோட்டார் | 4,000 | 0 | 6,500 |
| நிகரச் செலவு | 85,621 | 86,000 | 85,422 |

38,500-ல் தொடங்கியவரும் 72,000-ல் தொடங்கியவரும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பதைப் பாருங்கள். மூவருக்கும் இடையே உள்ள அதிகபட்ச வித்தியாசம் 578 ரூபாய்.

பழைய மோட்டார் வரிசையை மட்டும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் நான் இரண்டாம் முறை தடுக்கினேன். இ கடை கழிவாகவே 6,500 தருகிறது. ஆ கடை பழையதை எடுத்துக்கொண்டுதான் அந்த விலை சொன்னது, அதனால் தனியாகக் கழிக்க ஒன்றுமில்லை. அ கடைக்குப் பழைய மோட்டார் வேண்டாம். அப்படியானால் அது நம்மிடமே இருக்கிறது. உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் விசாரித்தேன், 4,000 தருவதாகச் சொன்னார்கள். அதை அ கடையின் கணக்கில் கழிக்காமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

இனி வரி. சங்கம் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொண்டதல்ல. கட்டிய வரி திரும்பி வராது. எங்களுக்கு வரியும் செலவே. அதனால் வரியோடு ஒப்பிட்டேன். பதிவு செய்த கடையோ தொழிற்கூடமோ தன் தொழிலுக்குப் பொருள் வாங்கும்போது, கட்டிய வரியைப் பெரும்பாலும் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். அவர்கள் வரிக்கு முந்தைய விலையைத்தான் ஒப்பிட வேண்டும். ஒரே மூன்று தாள், வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து வரிசை மாறலாம். ‘காம்போசிஷன்’ திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரி வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. அவர் தாளில் வரி இல்லாததைப் பார்த்து நீங்களாக 18 சதவீதம் சேர்த்துவிட்டால் அவர் வீணாகத் தோற்றுப்போவார்.

வரி உட்பட்ட விலையிலிருந்து வரியைப் பிரிக்கும்போது பலர் 18 சதவீதத்தைக் கழித்துவிடுகிறார்கள். 86,000-ல் அப்படிக் கழித்தால் 70,520 வரும். சரியான விடை 86,000-ஐ 1.18-ஆல் வகுத்த 72,881. இரண்டாயிரத்துச் சொச்சம் காற்றோடு போகிறது.

கொட்டேஷனின் தேதியும் இங்கே முக்கியம். தண்ணீர் பம்புக்கு 2022 ஜூலை 18-க்கு முன் வரி 12 சதவீதம். அன்று முதல் 18. இன்வெர்ட்டரில் போடும் லெட் ஆசிட் பேட்டரிக்கு 2025 செப்டம்பர் 22 அன்று 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. போன வருடக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து இந்த வருடத் தாளோடு பக்கத்தில் வைத்தால் ஒப்பிடுவது இரண்டு கடைகளையா, இரண்டு வரி விகிதங்களையா என்று தெரியாது.

இதையெல்லாம் நான் கம்ப்யூட்டரில் போட்டேன். பட்ஜெட் ஒரு ஷீட். ஏழாம் இனத்துக்கான ஒப்பீடு `Quote7` என்ற இன்னொரு ஷீட். அதில் B, C, D பத்திகள் மூன்று கடைகளுக்கு. நான்காம் வரிசை முதல் ஏழாம் வரிசை வரை நான்கு விலைகள். கூட்டுத்தொகையில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. கடைக்காரர் கேபிள் விலையே சொல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலி. `SUM` காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது, கூட்டுத்தொகை குறையும், விலை சொல்லாதவரே மலிவானவராகிவிடுவார். முதல் வாரம் அ கடை ஜெயித்தது இப்படித்தான். அதனால் நான்கு விலையும் வந்தால் ஒழியக் கூட்டாதே என்று சொல்லிவைத்தேன்:

```
=IF(COUNT(B4:B7)<4,"முழுமையில்லை",SUM(B4:B7))
```

இலவசமாகத் தருகிறார் என்றால் 0 என்று எழுத வேண்டும். காலி என்றால் ‘இன்னும் தெரியாது’. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

பட்ஜெட் ஷீட்டில் ஏழாம் இனத்துக்கு எதிரே 86,000 என்று நான் தட்டச்சு செய்யவில்லை.

```
=Quote7!C10
```

ஆ கடையின் நிகரச் செலவு இருக்கும் கட்டத்தைச் சுட்டும் வரி அது. நாளைக்கு அந்தக் கடை விலையைத் திருத்தினால் பட்ஜெட்டும் தானாக மாறும். இரண்டு இடத்தில் இரண்டு எண் நிற்காது. அங்கே `MIN` போட்டு ‘எது குறைவோ அதை எடு’ என்று விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம் என்பது என் கருத்து. தேர்வு செய்வது குழுவின் வேலை, ஃபார்முலாவின் வேலையல்ல.

அப்படியானால் 85,422 இருக்க, 86,000 சொன்ன ஆ கடையை ஏன் எடுத்தோம்? தபால் அதிகாரி அடுத்ததாகக் கேட்டதும் இதைத்தான். அட்டவணையின் கீழ்ப்பாதியில் பணம் இல்லாத வரிசைகள் இருந்தன. 100 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்: அ கடையின் மாடல் 75, ஆ கடையுடையது 95, இ கடையுடையது 100. கேட்டது 90. ஆகவே விலையைப் பார்க்கும் முன்பே அ கடை வெளியே. மீதி இரண்டில் வாரண்டி மூன்றுக்கும் ஒரு வருடம் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் சப்மெர்சிபிள் வாரண்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. மோட்டாரை இலவசமாக மாற்றித் தருவார்கள். 320 அடியிலிருந்து தூக்கி மறுபடி இறக்குகிற கூலி நம் தலையில் விழும். இ கடை அதை நம் செலவு என்றது. ஆ கடை முதல் வருடம் தன் செலவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஒருமுறை தூக்கி இறக்கப் பத்தாயிரத்துக்கு மேல். 578 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அந்தப் பத்தாயிரத்தைக் காப்பாற்றிக்கொண்டோம். இன்னொன்று, இ கடையின் விலை 15 நாளுக்குத்தான். செம்பு விலை ஏறி இறங்குவதால் கேபிள் விற்பவர்கள் நீண்ட கெடு கொடுப்பதில்லை. எங்கள் பொதுக்குழு கூடியது இருபதாம் நாள்.

இந்தக் காரணத்தை இரண்டு வரியில் அட்டவணையின் அடியிலேயே எழுதி, குழுவில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். குறைந்த விலையை விட்டு வேறொன்றை எடுக்கும்போது அந்த இரண்டு வரி இல்லாவிட்டால், வாங்கியவர் மேல்தான் சந்தேகம் விழும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 155-ஆவது விதி, சிறிய கொள்முதலுக்கு மூன்று பேர் கொண்ட குழு விசாரித்து ஒரு சான்று எழுதித் தரவேண்டும் என்கிறது. அந்தச் சான்றின் வரிசையைக் கவனித்திருக்கிறேன்: பொருள் தேவையான தரத்தில் இருக்கிறது என்பது முதலில், விலை சந்தை விலைதான் என்பது அடுத்து, விற்பவர் நம்பகமானவர் என்பது அதற்குப் பிறகு. நம் சங்கங்களை அந்த விதி கட்டுப்படுத்தாது, ஆனால் அந்த வரிசையைக் காப்பியடிக்கலாம். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் குறைந்த டெண்டரை எடுக்கச் சொல்கிறது; ஆனால் ‘குறைந்தது எது’ என்பதை, முன்கூட்டியே அறிவித்த அளவுகோல்களை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். நாங்கள் இரண்டாவது கடிதத்தில் 90 லிட்டர் என்று எழுதாமல் இருந்திருந்தால், அ கடையை அதைச் சொல்லி வெளியே தள்ள எங்களுக்கு உரிமை இருந்திருக்காது.

அட்டவணையால் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு: டம்மி கொட்டேஷன். ‘மூணு கொட்டேஷன் வேணுமா? நானே வாங்கித் தர்றேன் சார்’ என்று ஒரே கடைக்காரர் மூன்று லெட்டர்பேடில் கொண்டுவந்து கொடுப்பார். கணக்கு சுத்தமாக இருக்கும், மூன்றும் நான்கே வரிகளில் ஒரே ஒழுங்கில் இருக்கும். அந்த ஒழுங்குதான் காட்டிக்கொடுக்கும். நேர்மையான மூன்று கடைகளில் ஒருவருக்குக் கேபிள் மலிவு, இன்னொருவருக்குக் கூலி மலிவு; எங்கள் அட்டவணையில் பம்ப்செட் குறைவு அ கடையிடம், கேபிள் குறைவு ஆ கடையிடம். டம்மியில் ஒருவரே எல்லா வரியிலும் குறைவு, மற்ற இருவரும் எல்லா வரியிலும் ஒரே சதவீதம் கூடுதல். ஒரு கடையின் விலையை இன்னொரு கடையின் விலையால் வகுத்து ஒரு பத்தி போட்டுப் பாருங்கள். நான்கு வரியிலும் 1.08, 1.08 என்று வந்தால் மூன்று தாளும் ஒரே கையில் எழுதியவை. ஒரே எழுத்துப்பிழை மூன்றிலும் இருந்தாலும் அப்படித்தான்.

ஏழாம் இனத்துக்கு நிர்வாகக் குழு முதலில் குறித்து வைத்திருந்தது 90,000. பொதுக்குழு 86,000-க்கு ஒப்புதல் தந்தது. பாதிப் பணம் முன்பணமாகவும், தொட்டிக்குத் தண்ணீர் ஏறியதை 100 லிட்டர் டிரம்மும் கடிகாரமும் வைத்து அளந்த பிறகு மீதியும் கொடுத்தோம். டிரம் நிறைய ஒரு நிமிடமும் நான்கு விநாடியும் ஆனது. அந்த விநாடிக் கணக்கைத் தபால் அதிகாரிதான் அட்டவணையின் கடைசி வரிசையில் தன் கையால் எழுதினார்.